வெள்ளிக்கிழமைப் பிழைகள்

என் சின்னம்மா இமெல்டாவுக்குத் தனிமை பிடிக்கும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரான கொட்டாஞ்சேனையில் இன்றைக்கும் நாலு பேர் அப்படிச் சொல்வார்கள். "அவ ஆரோடயும் சேரமாட்டா, அவவுக்குத் தையல் மெஷின் ஒண்டு காணும்" என்பார்கள். இவர்களில் ஒருத்தராவது அந்தப் படியேறி "சுகமா இருக்கிறீங்களா?" என்று கேட்டதுண்டா? இல்லை. என் அம்மா றஞ்சிதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கூடப்பிறந்த அக்காதானே, அவவுக்கு மட்டும் என்ன தனிக் கணக்கு.

யுத்த காலத்தில் ஒரு உயிர்த்த ஞாயிறு காலை, கோயிலில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது, ஜப்பான்காரன் பக்கத்துத் துறைமுகத்தில் குண்டு போட்டான். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனை இருந்த இருப்பை யாரும் பார்த்திருக்கக் கூடாது. கட்டில், கோழிக்கூடு, சுவரில் இருந்த மாதா படம் என்று அகப்பட்டதை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு சனம் ஓடியது. நாங்களும் ஓடினோம். அப்பாவின் ஆட்கள் நீர்கொழும்பில் இருந்தார்கள், அங்கே போனோம். அம்மா தங்கையையும் வரச் சொன்னாதான். ஒரு தடவை சொன்னா. சின்னம்மா "நான் எப்பிடியக்கா வாறது?" என்றதும் அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். நீர்கொழும்பு வீட்டில் ஏற்கெனவே பதினொரு பேர்.

சின்னம்மாவால் உண்மையிலேயே போக முடியாதுதான். புருஷன் வலன்ரைன் துறைமுகத்தில் பாரம் தூக்கிச் செத்து மூன்று வருஷம். கோட்டைப் பக்கத்துத் தையல்கடைக்காரன் ஒருவன் இரவலாகக் கொடுத்த மெஷினில் பட்டாளத்துக்குக் காக்கிக் காற்சட்டை தைத்துத்தான் அடுப்பு எரிந்தது. மெஷினை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது கடைக்காரனின் நிபந்தனை. அதோடு மகள் புளோறன்ஸ் அப்போது டைபாயிட் என்கிற நெருப்புக் காய்ச்சலில் கிடந்தாள். பத்து வயது. தலைமயிர் எல்லாம் கொட்டி, எழுந்து நின்றால் கால் நடுங்கும்.

அவள் படித்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பிள்ளைகளையும் வாங்கு மேசைகளையும் ரயிலில் ஏற்றி மலைநாட்டில் ஒரு பழைய தோட்டத்து பங்களாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மடத்தைப் பார்த்துக்கொள்ள மாக்ரெட் சிஸ்ரர் மட்டும் நின்றா. மே மாதம் ஒருநாள் அந்த சிஸ்ரர் குடையும் கையுமாகச் சின்னம்மா வீட்டுக்கு வந்தா.

"இமெல்டா, விதவையின்ர பிள்ளைக்கு எண்டு போர்டிங்கில ஒரு இலவச இடம் இருக்கு. செப்ரெம்பர் வரைக்கும் வைச்சிருப்பம். ஆனா அங்க உள்ள பிள்ளையள் பின்னக் கணக்கு முழுக்க முடிச்சிடும். உம்மட மகளுக்கு அதில ஒண்டும் தெரியாது. ஓகஸ்ற் கடைசியில நானே சோதிச்சுப் பாப்பன். தேறினா அனுப்பலாம்."

"தேறாட்டி, சிஸ்ரர்?"

"இடம் வேற பிள்ளைக்குப் போயிடும். ஆர் சொல்லிக் குடுக்கிறது எண்டு கேக்காதேயும். நீர்தான்."

இப்படிச் சொல்லி, பின்னக் கணக்குப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, கொடுத்த பிளேன்ரீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டா. குண்டு விழும் ஊரிலிருந்து பிள்ளை தப்புவதும், படிப்பதும், மூன்று நேரம் சாப்பிடுவதும் அந்த மெல்லிய புத்தகத்தில் தொங்கியது. சின்னம்மா படித்ததோ ஏழாம் வகுப்பு. அதுவும் மறந்து போன ஏழாம் வகுப்பு.

முதல் மூன்று நாள் சின்னம்மா செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். காலையில் பிள்ளையைப் பிடித்து இருத்தினால் மத்தியானம் வரைக்கும் விடமாட்டா. ஒரே நாளில் நாலு பக்கம். மூன்றாம் நாள் பிள்ளை மேசையிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். காய்ச்சல் திரும்ப வந்துவிட்டதோ என்று சின்னம்மா ஓலமிட்டிருக்கிறா. காய்ச்சல் இல்லை, களைப்பு. அதைவிட மோசம், முதல்நாள் படித்ததில் ஒரு சொல்லும் பிள்ளைக்கு நினைவில்லை.

அன்றைக்குத்தான் சின்னம்மா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தா. கடைக்காரனுக்குக் காற்சட்டை தைக்கும்போது எப்படித் தைக்கிறா? ஒரு தையல் போட்டால் இழுத்துப் பார்க்காமல் அடுத்த தையலுக்குப் போவதில்லை. பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகப் பிரிப்பதைவிட அது சுகம். பிள்ளைக்கும் அப்படியே செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. தையல்காரச் சோக்கட்டியால் கதவின் பின்புறத்தில் ஒரு திட்டம் எழுதினா.

திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு அரைப் பக்கம் புதிய பாடம். உலையில் அரிசியைப் போட்டதும் புத்தகத்தைத் திறப்பது, சோறு வெந்ததும் மூடுவது. அவ்வளவுதான் நேரம். கணக்குப் பாதியில் நின்றாலும் மூடுவது, மிச்சத்தை மறுநாள் முதல் வேலையாகச் செய்வது. ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது நேற்றைய கணக்கில் இரண்டு. பிறகு புதியது. பிறகு தாய் வாய் திறக்காமல் இருக்க, பிள்ளை தானாகச் செய்ய நாலு. வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்றும் கிடையாது. அதுவரை படித்த எல்லாவற்றிலிருந்தும் கலந்து கட்டி பத்துக் கணக்கு, புத்தகம் பார்க்காமல், சிலேற்றில். இரண்டு கணக்குப் பிழையாகப் போனால் பரவாயில்லை. மூன்று பிழைத்தால் அடுத்த கிழமை, அந்த வாரம் முழுக்க, புதிய பாடம் இல்லை, பிழைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படிப்பது.

காக்கித் துணியின் வெட்டுத் துண்டுகள்தான் உபகரணம். ஒரு நாடாவை இரண்டாக மடித்தால் அரை, நாலாக மடித்தால் கால். அரையும் நாலில் இரண்டும் ஒரே நீளம் என்று பிள்ளை கையால் அளந்து பார்த்தாள். சமமான பின்னம், சுருக்குவது, எது பெரியது எது சின்னது என்று வாரம் வாரமாகப் போனது. வெள்ளிக்கிழமைகளில் ஒன்று பிழைக்கும், சிலசமயம் ஒன்றுமே பிழைக்காது.

கூட்டல் வந்தபோது புளோறன்ஸ் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். மேலெண்ணையும் மேலெண்ணையும் கூட்டி, கீழெண்ணையும் கீழெண்ணையும் கூட்டிவிட்டாள். சின்னம்மா பிழை என்று சொல்லவில்லை. ஒரு நாடாவை ஐந்தாக மடித்து அதில் இரண்டு பங்கை வெட்டி, அரை நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தா.

"இதில எது நீளம்?"

"அரைதான் நீளம்."

"அப்ப அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரையிலும் கட்டையாப் போகுமாடி?"

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். "ஐயோ அம்மா, நான் துணியைக் கூட்டாம சுருக்கிப் போட்டன்!" பிறகு இன்னொரு நாடாவை ஆறாக மடித்தார்கள். அரை என்றால் அதில் மூன்று பங்கு, மூன்றில் ஒன்று என்றால் இரண்டு பங்கு, கூட்டினால் ஆறில் ஐந்து. ஒரே அளவுப் பங்காக மாற்றினால்தான் கூட்டலாம் என்பது அன்றைக்குப் பிள்ளையின் தலையில் ஏறியது. நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

அந்த நேரம் ஒன்றுதான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம். சோறு வெந்து புத்தகத்தை மூடியதும் பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள், உடம்பு அப்படி. பிறகு மெஷின் சத்தம்தான். முன்பெல்லாம் வலப்பக்கத்து வீட்டு மனுஷி சுவருக்கு மேலால் கறிவேப்பிலை கேட்பா, இடப்பக்கத்துப் பெண்கள் கிணற்றடியில் நின்று சண்டை பிடிப்பார்கள். இப்போது இரண்டு பக்கமும் பூட்டு. ரொட்டி விற்கும் பாண்காரன் கூடத் தெருவுக்குள் வருவதில்லை, சந்தியில் நின்று மணி அடித்துவிட்டுப் போய்விடுவான். காலையில் கண் விழித்ததும் சின்னம்மா உலை வைக்கும் நேரத்தை நினைத்துத்தான் எழும்புவாவாம். "அந்தக் கொஞ்ச நேரம் இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும், பிள்ளை" என்று என்னிடம் பிற்காலத்தில் சொன்னா. அப்படிப்பட்டவவுக்குத் தனிமை பிடிக்குமாம். கொழுப்பெடுத்த கதை.

ஜூலையில் கணக்குப் பிழைக்கத் தொடங்கியது. கூட்டல் முடிந்து கழித்தலும் படித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பிழை. சரி, திரும்பப் போவோம் என்று அடுத்த கிழமை திரும்பப் போனார்கள். அதற்கடுத்த வெள்ளியும் மூன்று. மறுபடி திரும்பினார்கள். மூன்றாவது வெள்ளியும் அப்படியே. பெருக்கலும் வகுத்தலும் இன்னும் தொடவேயில்லை. ஓகஸ்ற் பிறந்துவிட்டது.

மாக்ரெட் சிஸ்ரர் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டா. "எங்க நிக்குது கணக்கு?"

"கழித்தலில, சிஸ்ரர்."

"போன மாசமும் கழித்தலில எண்டுதானே சொன்னீர்?"

சின்னம்மாவுக்குத் தலை குனிந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் ஊறியதாம். இப்படியே போனால் பிள்ளை தேறமாட்டாள், போகமாட்டாள். ஒவ்வொரு வெள்ளியும் மூன்றாவது பிழையைக் காணும்போது அந்தச் சந்தோஷம் வரும், வந்தவுடன் மாதாவே என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாவாம். பிள்ளையைக் குண்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிற தாய் எங்கேயாவது உண்டா என்று தன்னையே ஏசுவாவாம். ஏசினால் மட்டும் போய்விடுமா அது?

நாலாவது வெள்ளி. புளோறன்ஸ் சிலேற்றை நீட்டினாள். ஏழு சரி. மற்ற மூன்றில் முதலாவது, அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு.

சின்னம்மா சிலேற்றையே பார்த்துக்கொண்டிருந்தா. துணியைச் சுருக்கிப் போட்டேன் என்று வயிறு நோகச் சிரித்த பிள்ளைக்கு அது எப்படி மறக்கும்? இரண்டாவது, முக்காலில் இருந்து மூன்றில் இரண்டைக் கழித்தால் ஒன்று. முக்காலே முழுசாக இல்லை, அதிலிருந்து எடுத்த பிறகு முழுசு மிஞ்சுமா? மூன்றாவதும் அதே வகைதான், முக்காலும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஏழில் நாலு. ஆனால் நேற்று, வியாழக்கிழமை, இரண்டே முக்காலையும் ஒன்றே ஆறில் ஐந்தையும் கூட்டச் சொன்னபோது, இதே பிள்ளை பன்னிரண்டாகப் பிரித்து, நாலும் பன்னிரண்டில் ஏழும் என்று ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதியவள். கடினமானது வருகிறது, லேசானது வரவில்லை. மறந்து போகிற பிள்ளைக்கு ஒரு கிழமை ஐந்து பிழைக்கும், ஒரு கிழமை ஒன்று பிழைக்கும். இவளுக்கு ஒவ்வொரு வெள்ளியும் மூன்று. இரண்டும் இல்லை, நாலும் இல்லை. திட்டம் கதவுக்குப் பின்னால் எழுதியிருக்கிறது, அவளுக்கும் வாசிக்கத் தெரியும்தானே.

சின்னம்மா சிலேற்றைத் திருப்பிக் கொடுத்தா. திங்கட்கிழமை வழமைபோலத் திரும்பப் படித்தார்கள். செவ்வாய்க்கிழமை உலை கொதிக்கும்போது, பிள்ளை தானாகச் செய்யும் கணக்குகளுக்கு நடுவே வெள்ளிக்கிழமை பிழைத்த மூன்றையும் வாயால் சொல்லிக் கலந்துவிட்டா. செவ்வாயில் பிழைக்க வேண்டிய அவசியம் பிள்ளைக்கு இல்லையே. கடகடவென்று எழுதினாள். ஆறில் ஐந்து. பன்னிரண்டில் ஒன்று. ஒன்றும் பன்னிரண்டில் ஒன்றும். மூன்றும் சரி.

"நல்லாத்தான் தெரியுது" என்றா சின்னம்மா.

பிள்ளை நிமிர்ந்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சிலேற்றைச் சட்டை நுனியால் அவசரமாக அழித்தாளாம், அழித்து என்ன பிரயோசனம்.

"ஏன் பிள்ளை?"

பிள்ளை அழித்த சிலேற்றையே திரும்பவும் துடைத்தாள்.

"போக விருப்பமில்லையா? அங்க உன்ர கூட்டாளிமார் எல்லாம் இருக்கினம்."

"விருப்பம்தான்."

"பிறகு என்னடி?"

"நான் போனா நீங்க ஆரோட கதைப்பீங்க?"

சின்னம்மாவுக்குச் சோற்றுப்பானை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. கட்டிப்பிடித்து அழுதால் பிள்ளை போகவே மாட்டாள். அடித்தாலும் போகமாட்டாள். மாக்ரெட் சிஸ்ரர் சோதிக்கும்போது சின்னம்மா பக்கத்தில் நிற்க முடியாது, அங்கே இவள் பத்தில் எட்டைப் பிழையாக எழுதிவிட்டு வந்தால் யாரால் என்ன செய்ய முடியும்? அந்த இடத்தில் வேறு யாராவது என்றால் தடுமாறியிருப்பார்கள். சின்னம்மா மூக்கைச் சிந்திவிட்டு, சிரித்துக்கொண்டு சொன்னா:

"அடி விசரி, உனக்கு நான் சொல்லேல்லையே? பெரியம்மா வந்து என்னோட இருக்கப் போறா. றஞ்சிதம் அக்கா. நீர்கொழும்பில அவவுக்குச் சரிவரேல்லையாம். நீ போற கிழமையே வாறனெண்டு சொல்லி அனுப்பியிருக்கிறா. உன்ர கட்டிலை அவவுக்குக் குடுக்கவேணும், இடமில்லாம நான் யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"உண்மையாவா?"

"பின்ன? அவ வந்தா எனக்கு வாய் மூட நேரம் இருக்குமா? தெரியாதா அவவின்ர வாயை."

என் அம்மாவின் வாயைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. மற்றது முழுக்கப் புளுகு. எங்களுக்கு ஒரு ஆளும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை, எங்களை ஒருவரும் கேட்கவுமில்லை. கேட்டிருந்தாலும் என் அம்மா போயிருக்கமாட்டா, அது வேறு விஷயம்.

பிள்ளை நம்பினாள். அந்த வெள்ளிக்கிழமை பத்தும் சரி. அதற்குப் பிறகு பெருக்கலும் வகுத்தலும் ஓட்டமாக ஓடியது என்று நினைக்க வேண்டாம், சின்னம்மா ஓடவிடவில்லை. நேரம் குறைவு, சோறு வெந்த பிறகும் படிப்போம், வெள்ளிக்கிழமையை விட்டுவிடுவோம் என்று பிள்ளையே கேட்டாளாம். "முடியாது" என்றுவிட்டா. அதே அரைப் பக்கம், அதே வெள்ளிக்கிழமை. காலின் பாதி எவ்வளவு என்று நாடாவை மடித்துப் பார்த்து எட்டில் ஒன்று என்றார்கள். அரை முழத்துக்குள் எத்தனை கால் முழம் என்று வைத்துப் பார்த்து, பின்னத்தால் வகுத்தால் விடை பெரிதாகவும் வரும் என்று கண்டுபிடித்தார்கள். பின்னேரம் மெஷினில் இருக்கும்போது சின்னம்மா அடுத்த நாள் பாடத்தைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பா. பிள்ளை ஒவ்வொன்றாகத் தேறத் தேற, மகிழ்ச்சியோடு செப்ரெம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்றும் எண்ணிப் பார்ப்பாவாம்.

மாக்ரெட் சிஸ்ரர் இருபது கணக்குக் கொடுத்தா. ஒன்று பிழை. அதுவும் சுருக்க மறந்த பிழை. "இமெல்டா, இதை எப்பிடிச் சொல்லிக் குடுத்தீர்?" என்று கேட்டா. "சோறு வேகிற நேரத்தில, சிஸ்ரர்" என்று சின்னம்மா சொல்ல, பகிடி என்று நினைத்து சிஸ்ரர் சிரித்துவிட்டுப் போனா.

செப்ரெம்பரில் கோட்டை ஸ்ரேஷனில் ரயில் ஏற்றும்போது பிள்ளை கேட்ட ஒரே கேள்வி, "பெரியம்மா எப்ப வாறா?" என்பது. "இண்டைக்குப் பின்னேரம்" என்றா சின்னம்மா. திரும்பி வந்து உலை வைத்தா. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியாமல் அளந்து அளந்து கொட்டினாவாம். சோறு வேகும் வரை மேசையில் சும்மா இருந்தா. அதைச் சொல்லும்போதுதான் சின்னம்மா என் முன்னால் அழுதா, வேறு எதற்கும் அழவில்லை.

கிழமைக்கு ஒரு கடிதம் எழுதினா. எல்லாவற்றிலும் என் அம்மா. பெரியம்மா குறட்டை விடுகிறா, நித்திரையில்லை. பெரியம்மா சீனி முழுவதையும் தேத்தண்ணியில் போட்டு முடித்துவிட்டா. பெரியம்மாவோடு நேற்றுச் சண்டை, இன்றைக்குக் கதைத்துவிட்டோம். பெரியம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் என்னென்ன நடக்குமோ அத்தனையும் எழுதினா. சின்னம்மாவுக்கு அந்தக் கடிதங்களை எழுதும்போது உண்மையிலேயே யாரோ பக்கத்தறையில் இருப்பது போல இருந்ததாம்.

மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தார் லீவுக்குப் புளோறன்ஸ் வந்தாள். தலைமயிர் வளர்ந்து, கன்னம் வைத்து, அடையாளமே தெரியவில்லையாம். "பெரியம்மா எங்க?" என்றாள். "நத்தாருக்கு வீட்டில இல்லாட்டி பெரியப்பா விடுவாரா? நேற்றுத்தான் போனவா" என்றா சின்னம்மா.

பிள்ளை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தன் கட்டிலில் இருந்த பாய், போகும்போது தான் மடித்த மடிப்பிலேயே இருந்தது. அதற்கு மேல் காக்கி வெட்டுத் துண்டு மூட்டைகள் கூரை முட்டும் அளவுக்கு அடுக்கியிருந்தன, கீழே இருப்பவை பல மாதத்துத் தூசியோடு. கொடியில் ஒரு ஆளின் சேலை. பிள்ளை மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, பாயைத் தட்டி விரித்துப் படுத்துக்கொண்டாள்.

அந்த லீவு முழுக்க அவள் பெரியம்மா பேச்சை எடுக்கவில்லை. சின்னம்மாவும் எடுக்கவில்லை. காலையில் கண் விழித்ததில் இருந்து ராத்திரி படுக்கும் வரை இரண்டு பேரும் வாய் ஓயாமல் கதைத்தார்களாம், தொண்டை கட்டும் வரைக்கும்.

தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது திரும்பவும் கோட்டை ஸ்ரேஷன். ரயில் நகரத் தொடங்கியதும் புளோறன்ஸ் ஜன்னலால் தலையை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டுச் சொன்னாள்:

"அம்மா, பெரியம்மாவோட சண்டை பிடிக்காதேங்கோ. நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை, சொல்லுறன்" என்றா சின்னம்மா.